முதல் நிமிடத் தண்ணீரும் இருபதாம் நிமிடத் தண்ணீரும்

பங்குனி முடிந்து சித்திரை பிறந்தால் பல்லடம், பொங்கலூர், அவிநாசி பக்கத்துத் தோட்டங்களில் ஒரே பேச்சுதான். "தண்ணி குறைஞ்சு போச்சுங்க." தொட்டியில் விழும் தண்ணீர் இரண்டு இஞ்சிலிருந்து ஒன்றரை இஞ்சுக்கு இளைத்திருக்கும். தென்னை மட்டை தொங்க ஆரம்பித்திருக்கும். அடுத்த வாரமே யாராவது ஒருவர் போர் வண்டியைக் கூப்பிட்டிருப்பார். இரவெல்லாம் பாறையைக் குடையும் சத்தம் ஊருக்கே கேட்கும். விடியும்போது 1,000 அடியைத் தாண்டியிருக்கும், சில லட்சங்கள் மண்ணுக்குள் போயிருக்கும். பல நேரம் புகைதான் வந்திருக்கும்.

அந்தச் செலவில் எத்தனை தேவையற்றது என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. ஆனால் மோட்டார் தூக்கும் வேலை செய்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். தண்ணீர் குறைந்தது என்று கூப்பிடுகிற எல்லா இடத்திலும் குறைந்தது தண்ணீர் மட்டுமல்ல. சில இடத்தில் பம்ப்பின் உள்ளுறுப்பு தேய்ந்திருக்கும், சில இடத்தில் பைப் உப்பு பிடித்து அடைத்திருக்கும், சில இடத்தில் பைப்பில் ஓட்டை விழுந்திருக்கும். மூன்றும் கோடைக்கு முன்பே இருந்திருக்கும். தை மாதத்தில் நீர்மட்டம் மேலே இருந்ததால் பம்ப்புக்குச் சுமை குறைவு. கோளாறு இருந்தும் தொட்டி நிறைந்துவிட்டது. சித்திரையில் மட்டம் இறங்கியதும் பழைய கோளாறு வெளியே வந்துவிடுகிறது. பழி முழுவதும் கோடையின் தலையில் விழுகிறது.

தண்ணீர் உண்மையிலேயே போகும் ஆண்டுகளும் உண்டு. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. அடுத்த ஜனவரியிலேயே மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஆண்டில் புதுப் பம்ப் மாட்டினாலும் ஒன்றும் ஆகாது. எனவே கேள்வி இதுதான்: குறைந்தது கீழே இருக்கும் தண்ணீரா, அதை மேலே கொண்டுவரும் கருவியா? மோட்டாரைத் தூக்காமலேயே இதற்குப் பெரும்பாலும் விடை காண முடியும்.

முதலில் போருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கொங்குப் பகுதி பாறை நிலம். மேலே சில பத்து அடி மண்ணும் மக்கிய பாறையும், அதற்குக் கீழே கெட்டிப் பாறை. பாறையில் தண்ணீர் ஏரிபோலத் தேங்கி நிற்பதில்லை; வெடிப்புகளில் மட்டும்தான் ஓடுகிறது. போர் போடும்போது 140 அடியில் ஒரு ஊற்று, 310-இல் ஒன்று, 480-இல் ஒன்று என்று வண்டிக்காரர் சொல்வது இந்த வெடிப்புகளைத்தான். போர் என்பது அந்த வெடிப்புகளை இணைக்கும் ஒரு நெட்டுக்குழாய். வெடிப்பிலிருந்து சொட்டுவதும் ஓடுவதும் அதற்குள் வந்து சேரும்.

அந்தக் குழாய் எவ்வளவு தண்ணீரைச் சேர்த்து வைக்கும்? ஞாபகம் வைக்க எளிதான கணக்கு ஒன்று உண்டு. ஆறரை இஞ்ச் போரில் ஒரு அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர். 100 அடி தண்ணீர் நின்றால் 650 லிட்டர். மோட்டார் போட்டதும் முதலில் வருவது இந்தச் சேமிப்பு. அது தீர்ந்த பிறகு வருவதுதான் ஊற்றின் தண்ணீர், அதாவது போரின் உண்மையான வருமானம்.

இங்கிருந்துதான் முதல் சோதனை பிறக்கிறது. அதற்குத் தேவை ஒரு 200 லிட்டர் டிரம்மும், கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்சும்தான். போரை இரவு முழுக்க ஓய்வாக விட வேண்டும். காலையில் மோட்டார் போட்டு, தொட்டி வரை போகாமல் போர் வாயிலேயே டிரம்மைப் பிடிக்க வேண்டும். தோட்டத்தின் கடைக்கோடி வரை போகும் லைனில் எங்காவது கசிந்தால் அது வேறு கதை. இரண்டையும் கலந்துவிடக் கூடாது. டிரம் நிறைய எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் கழித்து மறுபடி, இருபது நிமிடம் கழித்து மறுபடி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி.

முதல் டிரம் வேகமாக நிறைந்து, போகப்போக மெலிந்து, கடைசியில் காற்றும் தண்ணீருமாகப் பீய்ச்சிப் பீய்ச்சி வந்தால், குறைந்தது தண்ணீர். பம்ப்பும் பைப்பும் நன்றாக இருக்கின்றன என்பதற்கு அந்த முதல் டிரம்மே சாட்சி. மாறாக, முதல் நிமிடத்திலேயே மெலிந்த தண்ணீர், ஒரு மணி நேரம் கழித்தும் அதே மெலிந்த தண்ணீர், காற்றே வராமல் சீராக வந்தால், சந்தேகம் கருவியின் பக்கம் திரும்ப வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், தண்ணீர்ப் பஞ்சம் போகப்போகத் தெரியும். கருவிக் கோளாறு எடுத்த எடுப்பிலேயே தெரியும்.

திருப்பூர் நகருக்குள் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஆறரை இஞ்ச் போர், சிறிய மோட்டார். நிமிடத்துக்கு 50 லிட்டர் வந்துகொண்டிருந்த தண்ணீர் 12 நிமிடத்தில் காற்றாகிவிடுகிறது. ஒரு மணி நேரம் விட்டுப் போட்டால் மறுபடி 12 நிமிடம் வருகிறது. வீட்டுக்காரர் மோட்டாரைத் திட்டுகிறார். ஆனால் கணக்கைப் பாருங்கள். 12 நிமிடத்தில் வந்தது 600 லிட்டர். அந்த 600 லிட்டரை ஊற்று நிரப்ப எடுத்துக்கொண்டது, ஓடிய நேரத்தையும் சேர்த்து, 72 நிமிடம். அப்படியானால் அந்த போரின் உண்மையான வரத்து நிமிடத்துக்கு 8 லிட்டர் சொச்சம். பம்ப்போ 50 இழுக்கிறது. எட்டு வருகிற இடத்தில் ஐம்பது இழுத்தால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். இங்கே மோட்டாரை மாற்றுவதில் பயனில்லை. 8 லிட்டர் என்பது நாள் முழுக்கச் சேர்ந்தால் 12,000 லிட்டர். ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். ஒரு டைமரும், தண்ணீர் தீர்ந்ததும் மோட்டாரை நிறுத்தும் ட்ரை ரன் கருவியும் போதும். குறைந்த நேரம் ஓட்டி அடிக்கடி ஓய்வு கொடுத்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும். போருக்குள் மட்டம் தாழ்ந்திருக்கும்போதுதான் ஊற்று வேகமாக உள்ளே வரும் என்பது காரணம்.

டிரம் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. நீர்மட்டமே நூறு அடி இறங்கிப்போயிருந்தால், நல்ல பம்ப்பும் முதல் நிமிடத்திலிருந்தே குறைவாகத்தான் தள்ளும். உயரம் கூடக்கூட பம்ப் தரும் அளவு குறையும். அது கோளாறு இல்லை, அதன் இயல்பு. ஆகவே முதல் நிமிடமே மெலிந்து வந்தால் உடனே பம்ப் மீது பழி போட முடியாது. தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. மோட்டாரை அடுத்த முறை இறக்கும்போது பைப்போடு சேர்த்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டியூபைக் கட்டி இறக்கிவிட வேண்டும். அதன் கீழ்முனை எத்தனை அடியில் இருக்கிறது என்று சரியாக அளந்து எழுதி வைக்க வேண்டும். மேல்முனையில் ஒரு வால்வும், டயருக்குக் காற்று பார்க்கும் கேஜும். அவ்வளவுதான். மட்டம் தெரிய வேண்டுமானால் மேலிருந்து காற்றடிக்க வேண்டும். டியூபுக்குள் நிற்கும் தண்ணீரைக் காற்று கீழே தள்ளும். கடைசிச் சொட்டும் வெளியேறி, கீழ்முனை வழியே குமிழி போகத் தொடங்கியதும் கேஜ் முள் மேலே ஏறாமல் நின்றுவிடும். அந்த எண்ணை, பி.எஸ்.ஐ. கணக்கில், 2.31-ஆல் பெருக்கினால் டியூபின் கீழ்முனைக்கு மேல் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று வரும். முனையின் ஆழத்திலிருந்து அதைக் கழித்தால் நீர்மட்டம். டியூபில் எங்கும் கசிவு இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. ஒயரில் ஈயக்குண்டு கட்டி இறக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் கேபிளும் பாதுகாப்புக் கயிறும் தொங்கும் போருக்குள் அது சிக்கிக்கொண்டால் மோட்டாரைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும்.

மட்டத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும். இரவு ஓய்வுக்குப் பின் மோட்டார் போடும் முன் ஒன்று. அதை நிலை மட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று. அது ஓட்ட மட்டம்.

இப்போது பல்லடம் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் வைத்து இதை முழுதாகச் செய்து பார்ப்போம். எண்கள் அந்தப் பகுதியில் சாதாரணமாக இருக்கக்கூடியவை. 650 அடி போர், ஆறரை இஞ்ச். 5 எச்.பி. மோட்டார், 500 அடியில் தொங்குகிறது. இரண்டு இஞ்ச் ஜி.ஐ. பைப். காற்று டியூபின் முனை 400 அடியில். நான்கு ஆண்டுக்கு முன் ஒரு தை மாதத்தில் மோட்டாரை இறக்கியபோது தோட்டக்காரர் ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உட்புறத்தில் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார்: மட்டம் 180 அடி, டிரம் 1 நிமிடம் 50 நொடி. அதாவது நிமிடத்துக்கு 109 லிட்டர். அதற்குப் பிறகு யாரும் அளக்கவில்லை.

இந்தச் சித்திரையில் டிரம் நிறைய 3 நிமிடம் 20 நொடி ஆகிறது. நிமிடத்துக்கு 60 லிட்டர்தான்.

"போர் போயிடுச்சுங்கண்ணா. மேக்கால ஒண்ணு புதுசாப் போட்றலாம்னு இருக்கேன்" என்கிறார் தோட்டக்காரர்.

மோட்டார் மெக்கானிக் பதில் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே ஓட விடுகிறார். மறுபடி டிரம். அதே 3 நிமிடம் 20 நொடி. காற்று இல்லை, துப்பல் இல்லை. "காத்தே வரலியேங்க. தண்ணி இல்லீன்னா இந்நேரம் துப்பியிருக்கோணுமல்லங்க?"

காற்றடித்துப் பார்க்கிறார்கள். காலையில் மோட்டார் போடும் முன் கேஜ் 48 காட்டியது. 2.31-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 110 அடி. 400-இல் கழித்தால் நிலை மட்டம் 290 அடி. ஓடும்போது 37. அதாவது 85 அடி. ஓட்ட மட்டம் 315 அடி. மோட்டார் 500-இல் இருக்கிறது. அதன் தலைக்கு மேல் இன்னும் 185 அடி தண்ணீர் நிற்கிறது. பழைய மட்டத்தை விட 110 அடி இறங்கியிருப்பது உண்மைதான். ஆனால் போர் போய்விடவில்லை.

அடுத்து பம்ப்போடு வந்த அட்டவணை. எத்தனை மீட்டர் உயரத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்று அதில் இருக்கும். பில் தொலைந்திருந்தாலும் மாடல் எண்ணைச் சொன்னால் விற்ற கடையில் கிடைக்கும். 315 அடி என்பது 96 மீட்டர். பைப் உராய்வுக்குக் கொஞ்சம் சேர்த்து 100 மீட்டர். அந்த உயரத்துக்கு இந்தப் பம்ப் நிமிடத்துக்கு 90 லிட்டருக்கு மேல் தர வேண்டும் என்று அட்டவணை சொல்கிறது. வருவது 60. ஆகக் குறைந்ததில் ஒரு பங்குதான் நீர்மட்டத்தின் கணக்கில் வரும். மீதி கருவியின் கணக்கு.

கருவியில் எது? இங்கேதான் எல்லோரும் மோட்டாரைத் தூக்கிவிடுகிறார்கள். 500 அடி என்றால் 20 அடி பைப் 25. ஒவ்வொன்றாகக் கழற்றி, அடுக்கி, மறுபடி மாட்டி இறக்க ஒரு நாள் போய்விடும். தூக்குவதற்கு முன் அரை நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு.

போர் வாயில் கேட் வால்வுக்குக் கீழே ஒரு பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும். மோட்டார் ஓடும்போது கேட் வால்வை மெதுவாக முழுவதும் மூட வேண்டும். முள் எங்கே நிற்கிறது என்று பார்த்ததும் திறந்துவிட வேண்டும். அரை நிமிடத்துக்கு மேல் மூடி வைக்கக் கூடாது, பம்ப் சூடாகும். பழைய ஹோஸ் அல்லது தேய்ந்த காலம் பைப் என்றால் இந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகே செய்ய வேண்டும்.

மூடிய வால்வு ஏன் உண்மையைச் சொல்கிறது? தண்ணீர் ஓடாதபோது பைப்பில் உராய்வே இல்லை. பைப் எவ்வளவு அடைத்திருந்தாலும், சின்ன ஓட்டை இருந்தால்கூட அழுத்தம் மேலே வந்து சேர்ந்துவிடும். ஆகவே கேஜில் தெரிவது பம்ப்பின் பலம் மட்டும். இந்தப் பம்ப் ஓட்டமே இல்லாத நிலையில் தள்ளக்கூடிய உச்ச உயரம் 165 மீட்டர் என்று அட்டவணையில் இருக்கிறது. தண்ணீர் 290 அடியில், அதாவது 88 மீட்டரில் நிற்கிறது. மிச்சம் 77 மீட்டர். பத்து மீட்டருக்கு ஒரு கிலோ என்று கணக்கு வைத்தால் கேஜ் 7.7 கிலோ காட்ட வேண்டும். சற்று முன்பு வரை ஓடிக்கொண்டிருந்த போரில் மட்டம் இன்னும் கொஞ்சம் கீழே இருக்கும் என்பதால் ஏழேகால், ஏழரை என்றாலும் சரி.

முள் ஏழரையில் நின்றது.

பம்ப் நல்ல நிலையில் இருக்கிறது. மட்டமும் போதும். தண்ணீர் ஓடும்போது மட்டும்தான் பலம் எங்கோ தொலைகிறது என்றால், அது பைப்புக்குள்தான் தொலைய முடியும். முள் நான்கிலோ ஐந்திலோ நின்றிருந்தால் கதை வேறு. பம்ப் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது பைப்பில் ஓட்டை இருக்க வேண்டும்.

மோட்டாரைத் தூக்கினார்கள். நடுவில் கழற்றிய பைப் ஒன்றை மெக்கானிக் கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டக்காரரிடம் நீட்டினார். இரண்டு இஞ்ச் பைப்புக்குள் ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்குத்தான் வெளிச்சம் தெரிந்தது. சுற்றிலும் பழுப்பும் வெள்ளையுமாக, அடுக்கடுக்காக, சுத்தியால் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயரும் கல். கொங்குத் தண்ணீர் உப்புத் தண்ணீர். பாறைக்குள் அழுத்தத்தில் கரைந்திருந்த கரியமில வாயு, தண்ணீர் மேலே ஏறி அழுத்தம் குறையக் குறையப் பிரிந்து போகிறது. அது போனதும் கரைந்திருந்த சுண்ணாம்பு கரைந்திருக்க முடியாமல் பைப் சுவரில் படிகிறது. இரும்புப் பைப்பின் துரு அதற்கு நல்ல பிடிமானம்.

பாதி அடைத்தால் பாதித் தண்ணீர் வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பைப்பின் விதி அப்படியில்லை. உள்வட்டத்தின் விட்டம் பாதியானால், அதே அளவு தண்ணீரைத் தள்ள 32 மடங்கு பலம் வேண்டும். சுத்தமான இரண்டு இஞ்ச் பைப்பில் நிமிடத்துக்கு 60 லிட்டர் போக ஒன்றரை மீட்டர் அளவுக்குத்தான் உராய்வு. இந்தப் பைப்பிலோ அது நாற்பது மீட்டரைத் தாண்டிவிட்டது. பம்ப்பைப் பொறுத்தவரை போர் இன்னும் 130 அடி ஆழமாகிவிட்டது போல. இந்த உப்பு நான்கு மாதத்தில் படிந்ததல்ல, நான்கு ஆண்டில் படிந்தது. போன தை மாதமே அளந்திருந்தால் டிரம் நிறைய இரண்டே முக்கால் நிமிடம் வரை ஆகியிருக்கும். தொட்டி நிறைந்துகொண்டிருந்ததால் யாரும் அளக்கவில்லை.

பம்ப் தேய்மானம் பற்றியும் சொல்லியாக வேண்டும். சப்மெர்சிபிள் பம்ப் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பல சக்கரங்கள். ஒவ்வொரு ஸ்டேஜிலும் ஒரு இம்பெல்லர் சுற்றித் தண்ணீரை அடுத்த ஸ்டேஜுக்குத் தள்ளும். இம்பெல்லருக்கும் கூட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளிதான் அதன் உயிர். தண்ணீரோடு மணல் வந்தால் அந்த இடைவெளியை அரம் போல ராவிவிடும். தள்ளிய தண்ணீரில் ஒரு பகுதி அந்த இடைவெளி வழியே திரும்பக் கீழே வழியும். மோட்டார் சுற்றும், மீட்டர் ஓடும், தண்ணீர் வராது. வாளியில் பிடித்து ஐந்து நிமிடம் வைத்தால் அடியில் மணல் தங்குகிறதா என்று பார்த்தாலே தேய்மானத்துக்கு வாய்ப்பு உண்டா என்பது தெரியும். கோடையில் மட்டம் இறங்கி, பம்ப் போரின் அடிப்பகுதித் தண்ணீரைக் கலக்கத் தொடங்கும்போது மணல் கூடுவதும் உண்டு. இங்கே ஒன்று இன்னொன்றைக் கொண்டுவருகிறது.

கேஜ் குறைவாகக் காட்டினால் தேய்மானமா, ஓட்டையா என்று எப்படிப் பிரிப்பது? வால்வை மூடியபடியே மோட்டாரை நிறுத்திவிட்டு முள்ளைக் கவனிக்க வேண்டும். அழுத்தம் சில நிமிடமாவது அப்படியே நின்றால் பைப் முழுசாக இருக்கிறது, தேய்ந்தது பம்ப். முள் சரசரவென்று பூஜ்ஜியத்துக்கு விழுந்தால் பைப்பில் ஓட்டை, அல்லது பம்ப் தலையில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை. இந்த இரண்டையும் காதே பிரித்துவிடும். மோட்டார் ஓடும்போது போர் மூடியைத் திறந்து காது வைத்தால், ஓட்டைப் பைப்பிலிருந்து தண்ணீர் பீய்ச்சிச் சுவரில் அடிக்கும் சத்தம் கேட்கும். வெறும் வால்வுக் கோளாறு என்றால் அந்தச் சத்தம் இருக்காது; மோட்டார் போட்டுத் தண்ணீர் மேலே வரத் தாமதமாகும், வந்த பிறகு முழு அளவில் வரும். ஆனால் சத்தத்தைக் கேட்டவுடன் ஓட்டை என்று முடிவுகட்டவும் கூடாது. மட்டம் இறங்கி மேல் ஊற்று வெளியே தெரிய ஆரம்பித்தால், அந்த ஊற்றுத் தண்ணீர் அருவி போல உள்ளே விழும் சத்தமும் அப்படித்தான் இருக்கும். மோட்டாரை நிறுத்திய பிறகும் வெகுநேரம் விழுந்துகொண்டே இருந்தால் அது ஊற்று.

எலக்ட்ரீஷியன்கள் டாங் டெஸ்டரை ஒயரில் மாட்டி ஆம்ப்ஸ் பார்ப்பார்கள். அதில் தெரிவதை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். மட்டம் இறங்கினாலும் ஆம்ப்ஸ் குறையும், பைப் அடைத்தாலும் குறையும். அதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் முள் ஏறி இறங்கி ஆடினால் பம்ப் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் குறைந்தும் ஆம்ப்ஸ் குறையாமல் நின்றால் பைப் ஓட்டையோ, பம்ப்புக்குள் உரசலோ இருக்கும். த்ரீ பேஸ் மோட்டார் வைத்திருப்பவர்கள் வேறெதற்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: தண்ணீர் குறைந்த நாளுக்குச் சற்று முன் டிரான்ஸ்பார்மரிலோ லைனிலோ வேலை நடந்ததா? பேஸ் மாறியிருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அப்போதும் கொஞ்சம் தண்ணீர் வரும் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. மூன்றில் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் பழைய தண்ணீர் திரும்பிவிடும்.

எல்லாவற்றையும் பார்த்து, குறைந்தது தண்ணீர்தான் என்று உறுதியான பின்னும் ஒரு தவறு நடக்கிறது. மோட்டாரை இன்னும் நூறு அடி இறக்கு என்பார்கள். பம்ப் வாய்க்கு மட்டம் வந்து, போரில் இன்னும் ஆழம் மிச்சமிருந்தால் இறக்குவது சரியான வழிதான். ஆனால் மேலே சொன்ன பம்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உச்ச உயரம் 165 மீட்டர், அதாவது 541 அடி. அதை 640 அடியில் கொண்டுபோய்த் தொங்கவிட்டாலும், தண்ணீர் 541 அடிக்குக் கீழே இறங்கிய நிமிடத்தில் மேலே ஒரு சொட்டு வராது. பம்ப் நூறு அடித் தண்ணீருக்குள் மூழ்கிச் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவருக்குப் போர் வற்றியதாகத் தெரியும். இறக்குவதானால் அந்த ஆழத்துக்கு ஏற்ற ஸ்டேஜ் கொண்ட பம்ப் வேண்டும். ஸ்டேஜ் கூடினால் மோட்டார் எச்.பி.யும் கேபிளும் அதற்கேற்ப மாறியாக வேண்டும்.

இன்னொரு நிலையும் உண்டு. நிலை மட்டம் பழைய அளவில்தான் இருக்கிறது, ஆனால் மோட்டார் ஓடினால் மட்டம் முன்பைவிட வேகமாக, ஆழமாக இறங்குகிறது. இங்கே பம்ப்பும் பைப்பும் சரி, நிலத்திலும் தண்ணீர் இருக்கிறது. போருக்குள் வந்து சேரும் வழி அடைத்திருக்கிறது. வெடிப்பு வாயில் சேறோ உப்போ பிடித்திருக்கும். கம்ப்ரசர் வைத்துப் பிளஷிங் செய்தால் பயன் தருவது இந்த நிலைக்குத்தான். நிலை மட்டமே நூறு அடி இறங்கிய போரில் பிளஷிங் செய்து பெரிதாக எதுவும் கிடைக்காது. மேல் ஊற்று காய்ந்துபோனதை எந்தக் காற்றும் திரும்பக் கொண்டுவர முடியாது. மழைதான் கொண்டுவர வேண்டும்.

தென்னந்தோப்பில் மெக்கானிக் உப்பு பிடித்த பைப்புகளை ஒதுக்கிவிட்டு, துருப்பிடிக்காத யு.பி.வி.சி. காலம் பைப் மாட்டி அதே 500 அடியில் பம்ப்பை இறக்கினார். டியூபும் பழைய 400 அடியிலேயே. மாலையில் டிரம் பிடித்தார்கள். 2 நிமிடம் 15 நொடி. நிமிடத்துக்கு 89 லிட்டர். பழைய 109 திரும்பவில்லை, திரும்பவும் முடியாது. 109-க்கும் 89-க்கும் நடுவில் இருந்தது கோடை. 89-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தது உப்பு.

ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவில் பழைய எண்ணுக்குக் கீழே தோட்டக்காரர் புதிய எண்களை எழுதினார். தேதி, நிலை மட்டம், ஓட்ட மட்டம், டிரம் நேரம், மூடிய வால்வில் கேஜ். வைகாசி பிறந்து சில நாளில் மறுபடி தண்ணீர் இளைத்தது. இம்முறை அவரே காற்றடித்துப் பார்த்தார். ஓய்வில் கேஜ் 30, மட்டம் 330 அடி. ஓடும்போது 11, மட்டம் 375 அடி. டிரம் 2 நிமிடம் 32 நொடி. அட்டவணையில் அந்த உயரத்துக்கு நேராக இருந்ததும் ஏறக்குறைய அதே அளவுதான். மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டு எண்களைச் சொன்னார்.

"இது தண்ணிதானுங்க" என்றார் மறுமுனையில். "மோட்டாரைத் தொடாதீங்க. தென்னைக்கு விடற முறையை ஒருநாள் தள்ளி வெச்சுக்குங்க."